போட்டோவில் இருந்த கண்

கணபதி என்ற பகுதியில் ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில்தான் எங்கள் அனிமேஷன் ஸ்டூடியோ. அங்கே கணினியில் முகம் செய்வது என் வேலை. பொம்மைக்கு உயிர் கொடுத்துவிடுவேன் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அந்தப் பெண் பொள்ளாச்சியிலிருந்து வந்தாள். அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மா இறந்துவிட்டாள். அம்மாவைப் பற்றி அனிமேஷனில் ஒரு குறும்படம் எடுக்கிறாள். கடைசிக் காட்சியில் அம்மா அடுப்பிலிருந்து திரும்பி மகளைப் பார்க்க வேண்டும். இருந்தது ஒரே ஒரு போட்டோ.

"அம்மா என்னையப் பாக்கோணுங்க்கா. அது போதுமுங்க," என்றாள்.

பெரிய கண், சின்னத் தாடை என்று கார்ட்டூன் வடிவில் தலையைச் செதுக்கி, நிறத்தையும் விழியின் அமைப்பையும் போட்டோவில் இருந்தபடியே வைத்தேன். துணிக்கடை பொம்மை மாதிரி இருந்தது. தோல் முழுக்க மெழுகு. ஒளி தோலுக்குள் பரவும் தூரத்தைக் குறைத்தேன். நெற்றியிலும் மூக்கிலும் மட்டும் பளபளப்பை விட்டுக் கன்னத்தை மங்கலாக்கினேன். காது மடலில் ரத்தச் சிவப்பு ஏற்றினேன். தோல் ஒருவழியாகத் தோலானது.

கண் மட்டும் மசியவில்லை. போட்டோவில் கருவிழி முழு வட்டமாகத் தெரிந்தது, மேல் இமை அதைத் தொடவே இல்லை. மூக்கின் நிழலைப் பார்த்தால் வெளிச்சம் இடப்பக்கமிருந்து வந்திருக்கிறது. ஆனால் இரண்டு விழியிலும் ஒளி பட்டு மினுங்கும் வெள்ளைப் புள்ளி நட்டநடுவில் இருந்தது. வேறு போட்டோ கிடைக்குமா என்று அவளை வளர்த்த பெரியம்மாவுக்கு போன் செய்தேன்.

"வேற இல்லீங்க அம்மணி," என்றார் அவர். "அதுவே உசுரு போனதுக்கப்புறம் எடுத்ததுங்க. கண்ணு மூடியிருந்துச்சு, போட்டோக்காரர் அது மேல தொறந்த கண்ணா வரைஞ்சு போட்டாருங்க. புள்ளைகிட்டச் சொல்லிப்போடாதீங்க."

இத்தனை நாளாக ஒரு பிணத்தின் முகத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

மகளுக்கு அம்மாவின் கண்தான் வாய்த்திருக்கும் என்று, படத்தின் கதையைச் சொல்லி அந்தப் பெண் அனுப்பியிருந்த வீடியோவில் அவள் கண்களைப் பார்த்துப் புதிதாகச் செய்தேன். இமையைக் கருவிழியின் மேல் விளிம்பை மூடும்படி இறக்கி, அதன் நிழலை விழியில் விழவைத்தேன். வெள்ளைப் புள்ளியை வெளிச்சம் வரும் பக்கமாக நகர்த்தினேன். கீழ் இமையோரம் மெல்லிய ஈரம். அடுப்பிலிருந்து திரும்பும்போது முதலில் கண், பிறகு தலை. உயிர் வந்துவிட்டது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அவள் வந்து காட்சியை மூன்று முறை போட்டுப் பார்த்தாள்.

"நல்லாத்தானுங்க்கா இருக்குது. ஆனா எங்கம்மா இல்லீங்க. தெனமும் சாமி கும்புடறப்ப என்னையப் பாக்கறது போட்டோவுல இருக்கற கண்ணுதானுங்க. அதையே வெச்சுப்போடுங்க."

சொல்லிவிடலாமா என்று வாயெடுத்தேன். முடியவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, இமையை உயர்த்தினேன். நிழலை எடுத்தேன். புள்ளிகளை நடுவுக்குக் கொண்டுவந்தேன்.

"இப்பத்தானுங்க்கா பாக்கறாங்க," என்று அவள் அழ ஆரம்பித்தாள்.