தங்கச்சியின் மிளகளவு முகம்

என் தங்கச்சி மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பூவாடைக்கு அம்மா போட்டோ வைக்க வேண்டும் என்று அவள் கேட்டாள். என் பாடு அன்றைக்கு ஆரம்பித்தது.

சுமங்கலியாகப் போய்ச் சேர்ந்தவளை எங்கள் பக்கம் பூவாடைக்காரி என்று கும்பிடுவோம். வீட்டில் கல்யாணம் என்றால் முதலில் அவளுக்குப் புதுப் புடவை, பூ, மஞ்சள், வளையல் வைத்துக் கலசம் நிறுத்திப் படையல் போட வேண்டும். "நீ முன்னால நின்னு நடத்திக் குடு தாயே" என்று அவளிடம் கேட்டுக்கொண்ட பிறகுதான் மற்ற வேலை. எங்கள் அம்மா காலத்தில் போட்டோவெல்லாம் கிடையாது, கலசம்தான் அவள். ஆனால் இவள் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகிற பெண். கூட வேலை பார்க்கிறவர்கள் வீட்டிலெல்லாம் பெரிய ஃப்ரேம் பார்த்திருக்கிறாள்.

"பெரியம்மா, எங்கம்மா மூஞ்சிய நான் ஒரு தடவையாவது பெருசா பாக்கணும்" என்றாள்.

தங்கச்சி காய்ச்சலில் போனபோது இவள் தவழ்கிற பிள்ளை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில்தான் வளர்ந்தாள். தங்கச்சியின் கல்யாண ஆல்பம் ஒரு மழையில் நனைந்து, பக்கத்தோடு பக்கம் ஒட்டிப்போய், பிரிக்கப் பிரிக்க முகமெல்லாம் உரிந்து வந்துவிட்டது. மிஞ்சியது ஒரே படம். வேப்பனப்பள்ளியில் உறவுக்காரர் மாந்தோப்பில் எல்லாரும் நிற்கிறபோது, அந்தக் காலத்து கேமரா போனில் எடுத்தது. அது போன் போனாகத் தாவி, ஒவ்வொரு தாவலிலும் கொஞ்சம் கரைந்து என்னிடம் வந்து சேர்ந்தது. தங்கச்சி பின் வரிசையில் ஓரமாக, ஒரு திட்டின் மேல் நிற்கிறாள். முகம் ஒரு மிளகு அளவு. விரலால் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகப் போய்விடும்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற ஸ்டுடியோவுக்கு நானும் அவளும் போனோம். ஸ்டுடியோக்காரர் வீட்டில் கன்னடம் பேசுகிறவர், கடையில் எங்களோடு தமிழ். நல்ல மனுஷர், ஆனால் எதைச் சொன்னாலும் முடியும் என்பார். இப்போது முகத்தைத் தெளிவாக்க ஏஐ வந்துவிட்டது அக்கா, நாளைக்கு வாங்க என்றார். தலையாட்டிவிட்டு வந்தோம்.

மறுநாள் திரையில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் இமைமுடி ஒவ்வொன்றும் தெரிந்தது. கன்னம் வழுவழு என்றிருந்தது. டிவியில் சோப்பு விளம்பரத்துக்கு வருகிற பெண் போல இருந்தாள். என் தங்கச்சியைக் காணோம்.

என் பக்கத்தில் நின்ற பிள்ளை அழுதுவிட்டாள். "எங்கம்மா இவ்ளோ அழகா பெரியம்மா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் படம் அவள் போனுக்குப் போய்விட்டது. பஸ்ஸில் வருகிறபோதே ஸ்டேட்டஸ் வைத்தாயிற்று.

அப்புறம் ஊரே பார்த்தது. ஊத்தங்கரையில் வேறு குடும்பத்தோடு இருக்கிற அவள் அப்பாவுக்கும் போய், "ஆமா, இவதான், அப்படியே இருக்குது" என்று பதில் வந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தை முருகன்தான் அறிவான். கட்டின மனுஷனுக்கே தெரியவில்லையா, அல்லது தெரிந்துகொள்ள ஆசையில்லையா? எங்கள் வீட்டுக்காரரும் அதே பாட்டு. "தெளிவா வந்திருக்குது, உனக்கு என்னதான்டி வேணும்?"

எனக்கு வேண்டியது என் தங்கச்சி. அவளுக்கு இடது கண் இமை கொஞ்சம் தாழ்ந்திருக்கும், தூக்கத்திலிருந்து இப்போதுதான் எழுந்தவள் போல. இந்தப் படத்தில் இரண்டு கண்ணும் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தன. அவள் போட்டோவுக்கு வாயைத் திறந்ததே இல்லை. இவளுக்கு முத்து முத்தாகப் பல் வரிசை. மூக்குத்தி இல்லை. நிறம் கூட மூன்று பங்கு வெளுத்துவிட்டது.

பிள்ளை இனிமேல் கண்ணை மூடினால் இந்த முகம்தான் வரும். அதை அடித்துத் திருத்த அவளுக்கு வேறு ஞாபகம் கிடையாது. நான் கும்பிடச் சொல்கிற தெய்வத்தின் இடத்தில் யாரோ ஒருத்தி உட்கார்ந்துவிடுவாள். அதை நினைத்தால் பூஜையில் கை கூப்பவே மனசு வரவில்லை. செவ்வாய்க்கிழமை விளக்கேற்றிவிட்டு நான் மட்டும் ஸ்டுடியோவுக்குப் போனேன்.

ஸ்டுடியோக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை, உட்காரச் சொல்லிக் காட்டினார். பழைய படத்தில் முகம் இருக்கிற இடத்தை மட்டும் பெரிதாக்கினார். பழுப்பும் கறுப்புமாகக் கொஞ்சம் கட்டங்கள், வேறொன்றுமில்லை. மூக்குத்தி என்பது ஒரு வெளுத்த கட்டம். படம் கெட்டதால் வந்த கறை என்று நினைத்து மிஷின் அதைத் துடைத்துவிட்டிருக்கும் என்றார்.

"அப்ப கண்ணு, பல்லு, இமைமுடி எல்லாம் எங்கேருந்து வந்துச்சு?"

"அதுக்கு லட்சக்கணக்கான மூஞ்சி காட்டிப் பழக்கியிருக்காங்கக்கா. இந்த மாதிரி மங்கலா இருந்தா, தெளிவா எப்படி இருக்கலாம்னு அதுவே போட்டுக்கும்."

எனக்குக் கோலம் ஞாபகம் வந்தது. வாசலில் நாலு புள்ளி மட்டும் வைத்துவிட்டு உள்ளே போனால், அடுத்து வருகிறவள் அவளுக்குப் பழக்கமான கோலத்தைத்தான் இழுப்பாள். புள்ளி தப்பாது, பார்க்கவும் லட்சணமாக இருக்கும். ஆனால் நான் நினைத்த கோலம் அதுவா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? இதைச் சொன்னேன். "அதேதான்கா" என்று சந்தோஷமாகச் சொன்னார். அதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

அந்த ஆப்பில் விரலால் தள்ளுகிற ஒரு பட்டை இருக்கிறது. ஒரு பக்கம் தள்ளினால் முகம் தெளிவாகும், ஆனால் ஆள் மாறும். மறுபக்கம் தள்ளினால் பழைய படத்தை ஒட்டி நிற்கும், ஆனால் கலங்கும். எனக்காகத் தள்ளித் தள்ளிக் காட்டினார். நடுவில் நிறுத்தினால் தண்ணீருக்குள் இருந்து எட்டிப் பார்ப்பவள் போல ஒருத்தி. வேறொரு ஆப்பில் போட்டார், வேறொரு பெண் வந்தாள். மூன்றாவதில் போட்டார், இன்னொருத்தி. மூன்று பேரும் அக்கா தங்கச்சி மாதிரி வரிசையாகத் திரையில் நின்றார்கள். எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் அதில் இல்லை. கடைசியில் மூக்குத்தியையாவது கையால் வரைகிறேன் என்று வரைந்தார். என் தங்கச்சி மூக்குத்தியை யாரோ இரவல் வாங்கிப் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது.

"நான் ஒண்ணு பண்றேன், நாளைக்குப் பாருங்க" என்றார். அப்போதே நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்.

மறுநாள் போனில் படம் வந்தது. நெற்றி, மூக்கு, தாடை எல்லாம் அசல் எங்கள் குடும்பம். நான் சொன்ன மாதிரி இமை கூடத் தாழ்ந்திருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துப்போனது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்தவர் முகம் மாறிப்போனது.

"ஏய், இது நீதான்டி."

கண்ணாடி முன்னால் போய் நின்று பார்த்தேன். நான்தான். இருபது வயது குறைத்த நான். ஸ்டுடியோக்காரருக்குப் போன் போட்டால், ஆமாம்கா, கூடப் பிறந்தவங்க சாயல் ஒண்ணாத்தானே இருக்கும், அதனால் உங்க வாட்ஸப் படத்தை எடுத்து இந்த முகத்தைப் பார்த்துப் போடு என்று மிஷினுக்குக் கொடுத்தேன், நல்லா பொருந்திடுச்சே என்கிறார். உயிரோடு இருக்கிறவள் படத்துக்கு மாலை போட்டு, படையல் வைத்து, பூவாடைக்காரி என்று கும்பிடச் சொல்கிறாரா? அதுவரைக்கும் என்னைக் கேலி செய்துகொண்டிருந்த எங்கள் வீட்டுக்காரர் போனைப் பிடுங்கித் தமிழிலும் கன்னடத்திலும் கத்தித் தீர்த்தார். அந்தப் படத்தை உடனே அழிக்க வைத்து, கற்பூரம் கொளுத்தி எனக்குத் திருஷ்டியும் கழித்தார். மனுஷர் அவ்வளவு பயந்துபோய் நான் பார்த்ததில்லை.

சத்தம் கேட்டு, ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்திருந்த பிள்ளை எழுந்து வந்துவிட்டாள். இனி மறைக்க முடியாது. உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் போனில் இருப்பவள் அவள் அம்மா இல்லை என்பதையும் சேர்த்து.

அவள் அழவில்லை, கோபப்பட்டாள். "அப்பா இவதான்னு சொன்னாரே." "நீங்க அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். நீ அழுதாய், நான் எப்படிச் சொல்வேன் என்றேன்.

"சரி, இதுல எது எங்கம்மா?"

பழைய படத்தில் இருந்த மிளகைக் காட்டினேன்.

"இதுல ஒண்ணுமே தெரியலயே பெரியம்மா."

"இருக்கறது இவ்வளவுதான் கண்ணு. மிச்சத்தை நான் வாயால சொல்றேன். மிஷின் சொல்ல வேணாம்."

நான் சொன்னேன், இமை, மூக்குத்தி, வாயை இறுக்கிக்கொண்டு சிரிப்பது, எல்லாம். அவள் கேட்டாளா இல்லையா என்று தெரியவில்லை, படத்தை விரலால் நகர்த்திக்கொண்டிருந்தாள். முகத்தை விட்டுவிட்டு உடம்புக்கு இறங்கினாள். ஒரு கையை இடுப்பில் ஊன்றி, எடையெல்லாம் ஒரு காலில் வைத்து, தோப்பே தன்னுடையது என்கிற மாதிரி என் தங்கச்சி நிற்கிறாள். இத்தனை நாள் எல்லாரும் முகத்தையே வெட்டி வெட்டிப் பெரிதாக்கினோமே தவிர, நின்ற ஆளை யாரும் பார்க்கவில்லை.

மறுபடி ஸ்டுடியோ. இந்த முறை பிள்ளையே பேசினாள். முகத்தைத் தொடக்கூடாது, ஆள் முழுசாக வேண்டும், அக்கம்பக்கத்தில் இருப்பவர்களை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றாள். இவ்வளவு மங்கலாகப் பிரிண்ட் போட்டால் என் கடைப் பேர் கெட்டுப்போகும் என்றார் அவர். பேர் போடாமல் கொடுங்கள் என்றேன் நான்.

படையலன்று கலசத்துக்குப் பின்னால் அந்தப் படத்தை வைத்தோம். வந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள், ஸ்டேட்டஸில் இருந்த நல்ல படம் என்னவாயிற்று, இதென்ன இப்படிக் கலங்கி இருக்கிறது என்று. குருபரப்பள்ளியில் இருந்து வந்த சம்பந்தி அம்மா, எனக்குத் தெரிந்த பையன் சரி பண்ணித் தருவான், அனுப்பட்டுமா என்று என் போனைக் கேட்டார். சாமி முன்னால் கோபப்படக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பொங்கலைக் கிளறினேன். பிள்ளை அந்தச் சோப்பு விளம்பரப் பெண்ணைப் போனிலிருந்து இன்னும் அழிக்கவில்லை, அதுவும் ஒரு எரிச்சல். கேட்டால், "யாரோ, இருந்துட்டுப் போகட்டும், அழகா இருக்காங்க" என்கிறாள்.

கற்பூரம் ஏற்றியபோது அவளைப் பக்கத்தில் காணோம். திரும்பிப் பார்த்தால், பட்டுப்புடவையோடு பின்பக்கமாகவே நடந்து நடந்து வாசல்படி வரைக்கும் போயிருக்கிறாள். அங்கேயிருந்து கண்ணைச் சுருக்கிப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கற்பூரம் அணையப் போவுது, வாடி" என்றேன்.

"இங்கேருந்து பாத்தா கட்டம் தெரியல பெரியம்மா. மூஞ்சி தெரியுது" என்றாள்.

நானும் தட்டை எங்கள் வீட்டுக்காரர் கையில் திணித்துவிட்டு வாசலுக்குப் போனேன். உண்மைதான். புள்ளியெல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து, தாழ்ந்த இமையோடு, வாயை மூடிக்கொண்டு, தங்கச்சி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாமி கும்பிடுகிறவர்கள் எல்லாம் உள்ளே, நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே படியில் நின்று கை கூப்பினோம்.