நன்கொடைப் புத்தகத்தில் முந்நூற்று அறுபத்தைந்து

திரௌபதி அம்மன் கோயில் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் அந்தத் தாளை ஒட்டிய அன்று காலை, செண்பகம் வேலைக்குப் போகும் வழியில் நின்று படித்தார். 'சந்தா நிலுவை உள்ளோர்' என்று தலைப்பு. பதினான்காவது வரியில் அவருடைய கணவரின் பெயர் இருந்தது. உறுப்பினர் எண் 117, முத்துசாமி, நான்கு வருடம், ரூபாய் 1460. கீழே ஒரு குறிப்பு: மூன்று வருடத்துக்கு மேல் நிலுவை வைத்தவர்கள் வரும் பொதுக்குழுவில் நீக்கப்படுவார்கள்.

முத்துசாமி இறந்து நான்கு வருடம் ஆகிறது. இந்த நான்கு வருடமும், நாளுக்கு ஒரு ரூபாய் கணக்கில் வருடத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து ரூபாயை, செண்பகமே கொண்டுபோய்ச் செயலாளர் கையில் கொடுத்திருந்தார். ஒரு வருடமும் தவறவில்லை. நான்கு ரசீதும் வீட்டில் இருந்தன.

செண்பகத்துக்கு நாற்பத்தொன்பது வயது. திண்டிவனத்தில் ஒரு சின்ன அச்சகத்தில் பத்தொன்பது வருடமாக பைண்டிங் வேலை. கல்யாண மண்டபம், சிட்பண்டு, பள்ளிக்கூடம், சர்ச், கோயில் என்று சுற்றுவட்டாரத்தில் யார் ரசீதுப் புத்தகம் அடித்தாலும் அதை நூறு நூறாக எண்ணி, நம்பர் போட்டு, தைத்து, அட்டை ஒட்டுவது அவர்தான். கிழித்துக் கொடுக்கும் தாளில் உள்ள எண்ணும், புத்தகத்தில் தங்கும் அடிக்கட்டையில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு எண் தாண்டினாலும் ஆடிட்டர் அந்தச் சங்கத்தின் கழுத்தைப் பிடிப்பார். பத்தொன்பது வருடத்தில் ஒரு புத்தகமும் அவரிடம் திரும்பி வந்ததில்லை.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் ரசீதுகளை எடுத்துப் பார்த்தார். கணவர் இருந்த காலத்து ரசீதுகளில் எண்ணுக்கு முன்னால் 'ச' என்று இருந்தது. சந்தா. அவர் கட்டிய நான்கிலும் 'ந'. நன்கொடை. பெயர் இருக்கும் இடத்தில் 'மறைந்த முத்துசாமி மனைவி' என்று எழுதியிருந்தது. செண்பகம் என்ற பெயரே இல்லை. முதல் வருடமே அந்த எழுத்தைக் கவனித்துக் கேட்டவர்தான் அவர். "எல்லாம் ஒரே கல்லாவுக்குத்தாம்மா போவுது" என்று செயலாளர் சொன்னதை நம்பியதுதான் அவர் செய்த தவறு.

செயலாளர் சுப்பராயலு உரக்கடை வைத்திருந்தார். பதினொரு வருடமாக அவர்தான் செயலாளர். செண்பகம் கடைக்குப் போனபோது மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விதைக்கு ஒருவரிடம் விலை சொல்லிக்கொண்டிருந்தார்.

"ண்ணா, நான் வருஷா வருஷம் கட்டிக்கினுதானே இருக்கேன். எங்க வூட்டுப் பேரை எதுக்குப் பலகையில போட்டீங்க?"

"நாங்க எங்கம்மா போட்டோம். இப்ப எல்லாம் கம்ப்யூட்டருல ஏத்தியாச்சு. அது காட்டுது."

"அதுல ஏத்துனது யாரு?"

"இங்க பாரு. சங்கத்துல உறுப்பினர்னா தலைக்கட்டு. தலைக்கட்டுன்னா ஆம்பள. புருஷன் இல்லாத வூட்டுக்கு யாரு பேருல சந்தா போடறது? நீயா ஆசைப்பட்டுக் குடுத்த, நன்கொடையில வரவு வெச்சோம். புண்ணியம் உனக்குத்தான்."

"புண்ணியம் எனக்கு, பாக்கி எங்க வூட்டுக்காரருக்கா?"

விதை வாங்க வந்தவர் சிரித்துவிட்டார். சுப்பராயலுவுக்கு முகம் கறுத்தது. "பேஜாரு பண்ணாத. ஆயிரத்து நானூத்து அறுபது கட்டு, பேர் இருக்கும். இல்லன்னா எடுத்துடுவோம். ரூல்ஸ்."

கணவன் செத்தால் வீடே செத்துவிட்டதாகக் கணக்கு எழுதுகிற ஊர்கள் நம்மிடம் இன்னும் எத்தனையோ உண்டு. மனைவி சமைக்கிறாள், சம்பாதிக்கிறாள், கரண்ட் பில் கட்டுகிறாள், பிள்ளையைப் படிக்கவைக்கிறாள். பணம் மட்டும் செல்லும், பெயர் செல்லாது. இதற்கு மரபு என்று பெயர் வைத்துச் சாமி மேல் பழி போடுகிறார்கள். இதில் சாமிக்கு ஒரு வேலையும் இல்லை. கமிட்டியில் ஆறு ஆண்கள் பதினொரு வருடமாக அதே நாற்காலிகளில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

செண்பகம் பணத்தைக் கட்டவில்லை. கணக்கு ஏற்றிய அருணாவைத் தேடிப் போனார். பி.காம் படித்துவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்ப்பவர். சங்கத்தின் அடிக்கட்டைப் புத்தகங்களை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு மாதமாக ஏற்றியிருந்தார்.

"அக்கா, நான் அடிக்கட்டையில இருக்கறதத்தான் போட்டேன்" என்று திரையைத் திருப்பிக் காட்டினார் அருணா. "சந்தா ஷீட்டுல ஆளுக்கு ஒரு வரி. உறுப்பினர் எண், பேரு, வருஷத்துக்கு ஒரு கட்டம், அதுல ரசீது நம்பர். கட்டம் காலியா இருந்தா முந்நூத்து அறுபத்தஞ்சு தானா நிலுவையில கூடிடும். நன்கொடை வேற ஷீட்டு. அதுல உறுப்பினர் எண்ணே கிடையாது. தேதி, ரசீது நம்பர், பேரு, தொகை, அவ்ளோதான். அதுல போட்டது இதுக்கு வராது."

"நன்கொடையத் தொறந்து காட்டும்மா."

வரிகள் ஓடின. 101. 501. 1001. ஒரு ரைஸ்மில்காரர் 10,001. மறுபடி 101. நடுவில் ஒரு 365. இன்னும் கொஞ்சம் இறங்கினால் வேறொரு 365.

செண்பகம் திரையில் விரலை வைத்தார். "கோயிலுக்குக் காசு குடுக்கறவன் நூறு, ஐநூறுன்னு வெச்சு மேல ஒரு ரூபா சேத்துக் குடுப்பான். எவனாவது முந்நூத்து அறுபத்தஞ்சு குடுப்பானா?"

அருணா தொகைக்குப் பில்டர் போட்டு 365ஐ மட்டும் நிறுத்தினார். நூற்று இருபத்தொரு வரி. பெயர்களைச் சேர்த்துப் பார்த்தபோது முப்பத்தெட்டுப் பேர். முப்பத்தெட்டும் பெண்கள். 'மறைந்த இன்னார் மனைவி', 'இன்னார் மகள்'. புருஷன் விட்டுவிட்டுப் போன இரண்டு பேருக்கு அந்தப் புருஷன் பெயரையே எழுதியிருந்தார்கள். மொத்தம் நாற்பத்துநான்காயிரத்து நூற்று அறுபத்தைந்து ரூபாய்.

"இதைப் பிரிண்ட் எடுத்துக் குடு."

"செயலாளரு திட்டுவாரேக்கா."

"பொதுக்குழுவுக்குக் கணக்கு வெக்கணும்ல? அதுல இதுவும் ஒண்ணு. நான் என்ன திருடிக்கினா போறேன்?"

அடுத்த வாரம் செண்பகம் அரை நாள் லீவு போட்டார். சங்கம் பதிவான அலுவலகத்துக்குப் போய், சங்கத்தின் பதிவு எண்ணைக் குறிப்பிட்டு மனு எழுதிக் கட்டணம் கட்டினார். எட்டாம் நாள் துணைவிதியின் சான்றிட்ட நகல் கைக்கு வந்தது. பஸ்ஸில் நின்றபடியே படித்தார். 'பதினெட்டு வயது நிரம்பி, சங்க எல்லைக்குள் வசித்து, ஆண்டுச் சந்தா செலுத்தும் எவரும் உறுப்பினராகலாம்.' தலைக்கட்டு என்ற சொல்லே அதில் இல்லை. ஆண் என்ற சொல்லும் இல்லை. முப்பது வருடத்துக்கு முன்னால் யாரோ ஒழுங்காக எழுதிப் பதிந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதை யாரும் திறந்து பார்க்கவில்லை.

பிறகு ஒவ்வொரு வீடாக ஏறினார். சிலர் பயந்தார்கள். "கோயில் காரியம், வம்பு வேணாம்டி" என்றார்கள். ராஜாமணி ஆயாவின் ரசீதுகளைக் கரையான் தின்றிருந்தது.

"போனா போவுது ஆயா. அடிக்கட்டை அவங்ககிட்ட இருக்கு. நம்பர் அருணாகிட்ட இருக்கு. நீ வந்து உக்காந்தா போதும்."

"உக்காரவா? எனக்குப் பேசவும் தெரியும்டி" என்றார் ஆயா.

பொதுக்குழு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, சங்க மண்டபத்தில். வழக்கமாக நாற்பது ஆண்கள் வந்து, கை தூக்கி, பொங்கல் சாப்பிட்டுப் போகும் கூட்டம். அன்று எழுபது ஆண்கள் வரை வந்தார்கள், விஷயம் பரவியிருந்தது. முன்வரிசையில் முப்பத்தாறு பெண்கள். மீதி இருவரில் ஒருவர் ஆஸ்பத்திரியில், ஒருவர் சென்னையில்.

தலைவர் கோகுலகிருஷ்ணன் நிலுவைப் பட்டியலை வாசிக்கத் தொடங்கினார். 117 வந்ததும் செண்பகம் எழுந்தார். நான்கு ரசீதையும் மேசை மேல் வரிசையாக வைத்தார்.

"இது நன்கொடை ரசீதும்மா" என்றார் தலைவர்.

"ஆமாங்க. இந்த மாதிரி நூத்து இருபத்தோரு ரசீது இருக்குது. எல்லாம் முந்நூத்து அறுபத்தஞ்சு. ஒரு ஆம்பள பேருல ஒண்ணு காட்டுங்க, நான் எங்க வூட்டு நிலுவைய இப்பவே கட்டிட்டுப் போறேன்."

பிரிண்ட் தாள் கை மாறிக் கை மாறிப் பின்வரிசை வரை போனது. எவராலும் காட்ட முடியவில்லை.

சுப்பராயலு எழுந்தார். "வழக்கம்னு ஒண்ணு இருக்குதுங்க. புருஷன் பேருலதான் ரசீது போடறது."

ராஜாமணி ஆயா உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார்: "உள்ள இருக்கிறாளே, அவளுக்கு அஞ்சு பேருடா. அவ சந்தா கட்ட வந்தா எவன் பேருல போடுவ?"

மண்டபம் அதிர்ந்தது. ஆண்களும்தான் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் செண்பகம் துணைவிதி நகலைத் தலைவர் முன்னால் வைத்து, அந்த வரியை உரக்கப் படிக்கச் சொன்னார். அவர் படித்தார். மறுபடியும் ஒரு முறை மனசுக்குள் படித்துப் பார்த்தார்.

"பழைய ரசீதை எல்லாம் எப்படிம்மா மாத்துறது? ஆடிட்டரு ஒத்துக்கமாட்டாரு" என்றார் சுப்பராயலு, குரல் இறங்கி.

"அடிக்கட்டையில ஒரு எழுத்தும் திருத்தக் கூடாதுண்ணா. அது தப்பு. தீர்மானம் போட்டு, ஒவ்வொரு ந-ரசீது நம்பரையும் குறிச்சு, நன்கொடையிலிருந்து சந்தாவுக்கு மாற்றுப் பதிவு எழுதணும். அங்க நாப்பத்துநாலாயிரத்து நூத்து அறுபத்தஞ்சு குறையும், இங்க அதே கூடும். கல்லாவுல ஒரு ரூபா மாறாது. நீங்கதானே சொன்னீங்க, எல்லாம் ஒரே கல்லாவுக்குத்தான் போவுதுன்னு."

தீர்மானம் ஓட்டுக்கு வந்தது. ஆண்கள் மட்டும்தான் கை தூக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். சரி என்றார் செண்பகம். ஆண்களில் நாற்பத்தொன்பது கைகள் எழுந்தன. அம்மா கட்டிய பணம் நன்கொடைக்குப் போனதை அந்தத் தாளில்தான் முதன்முதலாகப் பார்த்த மகன்கள் அதில் பலர்.

அங்கேயே அருணா லேப்டாப்பைத் திறந்தார். முத்துசாமியின் வரி அவர் இறந்த வருடத்தோடு முடிக்கப்பட்டது. நிலுவை பூஜ்யம். கீழே புதிய வரி: உறுப்பினர் எண் 212, செண்பகம். யாருடைய மனைவி என்ற குறிப்பு இல்லை. அவரைத் தொடர்ந்து 249 வரைக்கும் பெயர்கள் ஏறின. தன் பெயரைச் சொல்லும்போது ராஜாமணி ஆயா எழுந்து நின்றார். ஏன் எழுந்தார் என்று அவருக்கே தெரியாது.

அடுத்து நிர்வாகிகள் தேர்தல். இப்போது முன்வரிசைக்கும் கை உண்டு. பொருளாளர் பதவிக்குச் சுப்பராயலுவின் மச்சானை எதிர்த்து செண்பகம் நின்றார். அறுபத்தெட்டுக்கு முப்பத்தொன்று என்று ஜெயித்தார். வெளியே வேட்டுப் போட வேண்டும் என்று நெடுஞ்செழியன் என்ற ஆட்டோக்காரர் அடம்பிடித்தார். அவருடைய அக்கா உறுப்பினர் எண் 230.

திங்கட்கிழமை மாலை அச்சக வேலை முடிந்து வந்த பொருளாளர், நிலுவைப் பட்டியலை முழுதாக எடுத்துத் தரும்படி அருணாவிடம் கேட்டார்.

"முழுசுன்னா முழுசாக்கா? போன தடவை கமிட்டி ஆளுங்க பேரை எடுத்துடச் சொன்னாங்க."

"முழுசு."

மறுநாள் பலகையில் புதிய தாள். முதல் வரியில் தலைவர் கோகுலகிருஷ்ணன், இரண்டு வருடம், 730 ரூபாய். இரண்டாவது வரியில் சுப்பராயலு, ஒரு வருடம், 365. தலைவர் மதியத்துக்குள் பேரனிடம் பணம் கொடுத்தனுப்பினார். சுப்பராயலு இருட்டும்வரை காத்திருந்து, தானே வந்து கட்டினார். செண்பகம் ரசீதை எழுதி, கிழித்து, நீட்டினார்.

"உக்காருங்கண்ணா. டீ சொல்லட்டுமா?"