இரண்டாவது பார்ட்டி

எங்கள் மண்டபத்துக்குத் தேதி கேட்டு வருகிறவர்கள் முதலில் உட்காருவது தேதியக்காவுக்கு எதிரில்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. யார் எந்த மாதத்தைச் சொன்னாலும் எந்த ஞாயிறு காலி, எந்த ஞாயிறு போய்விட்டது என்று தலை நிமிராமல் சொல்வதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நான் அதே அறையில் தட்டிக்கு அந்தப் பக்கம் இருப்பவன். மைக், விளக்கு, ஏசி என்று சுவிட்ச் உள்ளதெல்லாம் என் பொறுப்பு. ஒட்டுக்கேட்கும் பழக்கம் எனக்கு இல்லை, ஆனால் தட்டி பலகையில் செய்தது, காது சதையில் செய்தது.

அக்காவின் பேச்சு எனக்கு மனப்பாடம். "பத்து நாளைக்கு உங்க பேர்ல பிடிச்சு வைக்கிறேங்க. அதுக்குக் காசு கிடையாது. ஆனா இது புக்கிங் இல்ல, நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க. பத்தாவது நாள் சாயங்காலத்துக்குள்ள வாடகையில கால் பங்கு அட்வான்ஸ் கட்டி, கையெழுத்துப் போட்டாத்தான் தேதி உங்களுது. மூணு மாசத்துக்கு முன்னால ரத்து பண்ணினா பத்துல ஒரு பங்கு பிடிச்சுட்டு மீதியைத் தந்துடுவோம். மூணு மாசத்துக்குள்ளன்னா பாதி. கடைசி ஒரு மாசத்துல ஒண்ணும் கிடைக்காது. அப்புறம் வந்து என்னைத் திட்டக்கூடாது." இதையே தாளில் அடித்து, தேதியும் கெடுவும் போட்டு, ஒரு பிரதியைக் கையில் கொடுத்து அனுப்புவார். பத்து வருடமாக அதில் ஒரு சண்டை வந்ததில்லை.

சண்டை வராத இடம் முதலாளிக்குப் பிடிக்காது. பத்து நாள் என்பது அவருக்குப் பத்து வருடம். பிடித்து வைத்தவர்கள் வேறு மண்டபம் போய்ப் பார்த்துவிடுவார்களோ என்று கவலை. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தார். ஐந்தாறு நாள் ஆனதும் அக்கா போன் போட்டு, "அதே தேதியை இன்னொரு பார்ட்டி கேட்கிறாங்க, அட்வான்ஸோட வந்து நிக்கிறாங்க, நீங்க ரெண்டு நாள்ல முடிவு சொல்லணும்" என்று சொல்ல வேண்டும். உண்மையிலேயே இன்னொருவர் வந்து நின்றால் முதலில் பிடித்தவரிடம் அப்படிக் கேட்பது நியாயம்தான். எல்லா மண்டபத்திலும் உள்ளதுதான். எங்கள் இடத்தில் அந்த இன்னொருவர் பெரும்பாலும் முதலாளியின் வாய்க்குள்தான் குடியிருந்தார்.

அக்காவுக்கு அது அருவருப்பு. ஒவ்வொரு போன் முடிந்ததும் எழுந்து போய்க் குழாயடியில் வாய் கொப்பளித்துவிட்டு வருவார். "சாப்பிட்டீங்களாக்கா?" என்று ஒருநாள் கேட்டேன். "இல்லப்பா, பேசினேன்" என்றார். வேலையை விட முடியாது, வீட்டில் இரண்டு பேர் படிக்கிறார்கள், கணவருக்கு நிலையான வருமானம் இல்லை. அதனால் சொன்னார். சொன்னதெல்லாம் பலித்தது. அதுதான் கேவலம். மனிதர்கள் அடித்துப் பிடித்து ஓடி வந்து கட்டினார்கள். முதலாளி மூக்குப்பொடி போட்டவர் மாதிரி ஒரு சுகத்தோடு சாய்ந்து உட்காருவார்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த நர்ஸ் பெண் வந்தாள். தம்பிக்குக் கல்யாணம், இரண்டரை மாதத்தில். மண்டபத்தைச் சுற்றிப் பார்க்கவே இல்லை. வாசலில் இருந்து மேடை வரைக்கும், மேடையில் இருந்து சாப்பாட்டு ஹால் வரைக்கும் தரையை மட்டும் பார்த்துக்கொண்டே நடந்தாள். எல்லாம் ஒரே மட்டம், வாசலில் சரிவுப் பாதை. "அம்மா சக்கர நாற்காலிங்க. எங்க கைக்கு எட்டுற வாடகையில படி இல்லாத மண்டபம் இது ஒண்ணுதான்" என்றாள். ஆஸ்பத்திரியில் கேட்டிருந்த கடன் வெள்ளிக்கிழமை கைக்கு வரும், சனிக்கிழமைதான் கெடு, பிரச்சினையில்லை என்று தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

செவ்வாய்க்கிழமை முதலாளி அக்காவுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார். "அந்த நர்ஸுக்குப் போனைப் போடு. ஸ்பீக்கர்ல போடு."

"வெள்ளிக்கிழமை கட்டிடுவாங்க சார். அதுக்கு முன்னால அவங்களால முடியாது."

"எங்கயாவது புரட்டிட்டு வருவாங்க. போடும்மா."

அக்கா போட்டார். வழக்கமான பாட்டைச் சொன்னார். வியாழக்கிழமை சாயங்காலம் வரைதான் என்றார். அந்தப் பக்கம் அவள், "அவங்ககிட்ட நீங்க ஒரு வார்த்தை பேசிப் பாருங்களேன். அவங்களுக்கு வேற மண்டபம்கூட ஒத்து வருமே, எங்களுக்குத்தான் அம்மா..." என்றாள்.

முதலாளி ஒரு துண்டுத் தாளில் ஏதோ கிறுக்கி அக்கா பக்கம் தள்ளினார். தட்டிக்கு மேலாக நானும் பார்த்தேன். 'அவங்க வீட்டிலும் நடக்க முடியாத தாத்தா' என்று இருந்தது. அக்கா அதைப் படித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார். அவர் பேனாவால் மேஜையைத் தட்டினார், தட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் அக்கா சொல்லிவிட்டார். சீ! இல்லாத மனிதனுக்கு இல்லாத கால்களையும் கொடுத்து, அதை வைத்து ஒரு நோயாளியை மடக்குகிற மூளை எப்படிப்பட்ட மூளை!

ஒரு மணி நேரம் கழித்து அவளே கூப்பிட்டாள். "அம்மாகிட்ட சொன்னேங்க. பாவம், அவரும் என்னை மாதிரிதானே, அவங்களே நடத்தட்டும், விட்டுக்கொடுத்துடுன்னு சொல்லிட்டாங்க. தேதியை அவங்களுக்கே கொடுத்துடுங்க." அதோடு நன்றியும் சொன்னாள்.

முதலாளிக்கு முகம் செத்துவிட்டது. வாங்க ஆள் இல்லாத தேதியை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? இரண்டு நாள் பொறுத்து, "அந்தப் பார்ட்டி பின்வாங்கிட்டாங்கன்னு சொல்லிக் கூப்பிடு" என்றார். அக்கா கூப்பிட்டார். அதற்குள் அவள் ஒரு தோழியிடம் கைமாற்று வாங்கி வேறு மண்டபத்தில் அட்வான்ஸ் கட்டியிருந்தாள். முதல் மாடி, லிஃப்ட் கிடையாது. அங்கே எப்போது ரத்து செய்தாலும் பாதி போய்விடும். "அதை விட்டுட்டு வர எங்களுக்கு வசதி இல்லைங்க" என்றாள்.

"அந்தப் பாதியை நம்ம வாடகையில கழிச்சுக்கலாம் சார். தப்பு நம்மளுது" என்று அக்கா முதலாளியிடம் நேராகவே கேட்டார்.

"நான் என்ன சத்திரமா நடத்துறேன்?" என்றார் அவர். பிறகு அந்தத் தேதி போகாததற்கு அக்காவுக்குப் பேசத் தெரியாததுதான் காரணம் என்று மூன்று வாரம் புலம்பினார். கல்யாண நாளன்று மண்டபம் பூட்டிக் கிடந்தது. நான் லீவு எடுத்துக்கொண்டேன்.

சில மாதம் கழித்து, யாரோ உறவினர் வீட்டு விசேஷத்துக்கு அந்த நர்ஸ் எங்கள் மண்டபத்துக்கே வந்தாள். நாற்காலியைச் சரிவில் ஒரே தள்ளில் ஏற்றிவிட்டு, அம்மாவோடு ஆபீஸ் வாசலில் நின்றாள். அம்மா ஒல்லியானவர், சிரித்த முகம். மணிக்கட்டில் மாவுக்கட்டு.

"தம்பி கல்யாணத்துல நாலு பேர் தூக்கிட்டுப் போனாங்க. திருப்பத்துல ஒருத்தர் கால் இடறிட்டார். நல்லவேளை கையோட போச்சு. முதல் தடவை எலும்பு சரியாக் கூடலை, இப்பத்தான் மறுபடி கட்டியிருக்காங்க" என்றாள், ஏதோ மழை பெய்ததைச் சொல்வது போல.

அம்மா குறுக்கே புகுந்தார். "அதை விடு. ஏம்மா, அந்தக் கல்யாணம் நல்லபடியா நடந்துச்சா? அந்தத் தாத்தா கஷ்டப்படாம உட்கார்ந்து பார்த்தாரா?"

உள்ளறைக் கதவு திறந்துதான் இருந்தது. முதலாளி அங்கே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கம் புரட்டும் சத்தம் நின்றது. அக்கா எழுந்து நின்றார். கல்யாணம் நல்லபடியாக நடந்தது என்றே சொல்லிவிடுவார், சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை என்று நான் நினைத்தேன்.

"அப்படி ஒரு தாத்தாவே கிடையாதும்மா" என்றார் அக்கா, உள்ளறைக்கும் கேட்கும் குரலில். "இன்னொரு பார்ட்டியும் கிடையாது. உங்களைச் சீக்கிரம் கட்ட வைக்கிறதுக்காக அப்படிச் சொல்லச் சொன்னாங்க, நான் சொன்னேன். அன்னைக்கு இந்த மண்டபம் பூட்டித்தான் கிடந்துச்சு."

அம்மா கட்டுப் போட்ட கையை மடியில் இருந்து கொஞ்சம் தூக்கிப் பார்த்தார், அது வேறு யாருடைய கையோ என்பது போல. கோபமே இல்லை. உண்மையாகவே தெரியாமல்தான் மகளைக் கேட்டார்.

"அப்போ நான் யாருக்குடி விட்டுக்கொடுத்தேன்?"