பொன்மான் கோப்பையின் மூடி

ஸ்ரீவராகத்து ஜானவிக்கு, இல்லாத பொருளைக் கம்ப்யூட்டரில் படமாக்கி இருப்பதாகக் காட்டுவதுதான் பிழைப்பு. வழுதக்காட்டில் ஒரு விளம்பர ஸ்டூடியோவில், கட்டாத வீட்டுக்கு ஜன்னல் வெளிச்சம் போட்டும் வராத சோப்புக்கு நுரை பொங்க வைத்தும் நல்ல பேர் வாங்கியிருந்தாள்.

அந்த 2007ஆம் வருஷம் கவடியாரில் 'பொன்மான்' என்று, மீன்கொத்திப் பறவையின் மலையாளப் பேரில், ஒரு கஃபே வரவிருந்தது. கோப்பைகள் இன்னும் அச்சாகவில்லை. சாலையோரப் பெரிய பலகைக்கோ படம் உடனே வேண்டும். ஜானவி வெள்ளைக் காகிதக் கோப்பை, சூடு கையில் படாமல் அதைச் சுற்றிய பழுப்பு அட்டை உறை, அதில் நீலப் பொன்மான், மேலே கறுப்பு மூடி என்று வழவழவென்று செய்து காட்டினாள். கஃபேக்காரி எலிசாள் நாகர்கோவில்காரி. மனசில் பட்டதை மறைக்கத் தெரியாதவள்.

"கொள்ளாம் பிள்ளே. ஆனா பேப்பர் கப்பு மாதிரி இல்லல்லா. பிளாஸ்டிக்கக் கடைஞ்செடுத்த மாதிரியில்லா இருக்கு. பறவையும் தலையத் தொங்கப் போட்டிருக்கு, கேட்டியா?"

ஜானவிக்கு முகம் சுண்டிப்போயிற்று. மூடிபோட்ட கோப்பையில் அவள் ஒருநாளும் குடித்ததில்லை. எலிசாளிடமே அச்சிடாத மாதிரிகள் சிலவற்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

முதலில் உறையை ஒட்டிய இடத்தில் பிரித்து விரித்தாள். நேர்ப்பட்டையாக இருக்கும் என்று நினைத்தது விசிறிபோல வளைந்து கிடந்தது. கோப்பை மேலே அகலம், கீழே குறுகல் அல்லவா? அவள் நேர்ப்பட்டையில் வரைந்து சுற்றியதால்தான் பறவை தொங்கியது. தட்டையாக மடிந்து வந்த உறை என்பதால் இரு பக்கமும் மடிப்புத் தழும்பு வேறு.

அதற்குள் அம்மா விஜயம் இன்னொரு கோப்பையில் காபியை ஊற்றி, மூடியை அழுத்தியிருந்தாள்.

"இந்த ஓட்டையில வாயை வெச்சு உறிஞ்சணுமா? எச்சல் ஆயிடாதோடி?" என்றவள், ஆசை யாரை விட்டது, உறிஞ்சியே பார்த்தாள். காபி தாடையில் வழிந்து புடவையில் சொட்டியது.

"நன்னாருக்கு உங்க கப்பு. ஒழுகறது."

ஜானவி வாங்கிப் பார்த்தாள். காகிதத்தின் இரு ஓரமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஒட்டிய தையல், சுருட்டிய விளிம்பில் சின்னப் படியாக நின்றது. குடிக்கும் துளை சரியாக அதன்மேல் இருந்தது; மூடி அங்கே பொருந்தாமல் சந்து விட்டிருந்தது. மூடியைத் திருப்பி வைத்தாள், ஒழுகவில்லை. எதிரே ஊசிமுனை அளவில் இன்னொரு துளை. அதை விரலால் அடைத்தால் காபி திக்கித் திக்கி வந்தது.

"காத்து போறதுக்கு வழிம்மா அது" என்று சிரித்தாள்.

மறுநாள் படத்தில் தையல் ஏறியது, மடிப்பு விழுந்தது, காற்றுத்துளை வந்தது, மூடி திரும்பியது, பொன்மான் நிமிர்ந்தது. எலிசாள் திரையருகே குனிந்து, "இப்ப இது நம்ம கப்பு" என்றாள். மூடியை எப்படி வைக்கவேண்டும் என்று ஜானவியிடம் கேட்டு, கடைப் பையன்களுக்கும் சொல்லிக்கொடுத்தாள்.

பலகை ஏறிய வாரம் ஜானவி கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நின்றாள். பக்கத்தில் ஒருத்தி பலகையைக் காட்டி, "போட்டோ நல்லா எடுத்திருக்கான்" என்றாள் தோழியிடம்.

ஜானவி திருத்தவில்லை. அதைவிடப் பெரிய பாராட்டு அவள் தொழிலில் கிடையாது.