மயிலிட்டிப் பம்பில் மண்ணெண்ணெய் மணம்

எரிபொருள் மாதிரி எடுக்கும் விதி தெளிவானது. பாத்திரம் சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும். அதே எரிபொருளால் மும்முறை கழுவி ஊற்றிவிட்டுத்தான் நிரப்ப வேண்டும். மூன்று மாதிரிகள் எடுத்து இரு தரப்பும் கையொப்பமிட்டு முத்திரை வைக்க வேண்டும். அவற்றில் ஒன்று பம்புக்காரரிடமே இருக்க வேண்டும். இந்த விதியை நான் உத்தியோக காலத்தில் எத்தனையோ பேருக்குப் படிப்பித்திருக்கிறேன். அவர்களும் பரீட்சையில் பிழையில்லாமல் எழுதியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு அந்த விதிக்கும் அவர்களுக்கும் ஒரு கொடுக்கல் வாங்கலும் இருக்கவில்லை.

எரிபொருள் தரம் பார்க்கும் ஆய்வுகூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்று உடுப்பிட்டிக்கு வந்த எனக்கு, வீட்டில் கொடுக்கப்பட்டிருக்கும் பதவி மீன் வாங்குவது. மயிலிட்டித் துறைமுகத்தில் மீன் நல்லது என்று மனைவி தீர்மானித்திருந்தார். அது கொஞ்சம் தூரம். தூரமும் அந்தத் தீர்மானத்துக்கு ஒரு காரணம் என்பது என் சந்தேகம்.

அன்று சித்திரை வெயில். மீன் வாங்கித் திரும்பும்போது மீனவர் சங்கத்தின் டீசல் பம்படியில் கூட்டம். நடுவில் ஒரு சம்மாட்டி, இயந்திரப் படகு வைத்திருப்பவர், அந்தப் பம்பில் டீசல் அடித்த ஒரு பிளாஸ்ரிக் கானைத் தூக்கிப் பிடித்துக் கொண்டு நின்றார். பம்பை நடத்தும் பெண் இடுப்பில் கைவைத்தபடி எதிரே நின்றாள். இருவருக்கும் இடையில், எங்கிருந்தோ வரவழைக்கப்பட்ட, எரிபொருள் சோதிக்கும் ஓர் இளம் அதிகாரி.

"மணந்து பாருங்கோ சேர்! இது டீசலோ? என்ரை எஞ்சின் நடுக்கடலிலை இழுக்காமல் நிண்டது. உவள் மண்ணெண்ணெய் கலந்துதான் அடிக்கிறாள்."

"அண்ணை, நீங்கள் கலியாணம் கட்டின நாளிலை இருந்தே உங்கடை எஞ்சின் இழுக்கிறேல்லை. அதுக்கும் நானோ காரணம்?"

கூட்டம் சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. கானை மணந்தார். நானும் எட்டி மணந்தேன். மண்ணெண்ணெய் மணம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் மயிலிட்டியில் எந்தக் கானைத் திறந்தாலும் மண்ணெண்ணெய்தான் மணக்கும். சிறு படகுகளின் வெளியிணைப்பு இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடுகின்றன. அவற்றை முதலில் உசுப்புவதற்குக் கொஞ்சம் பெற்றோலும் வேண்டும். இரண்டையும் சுமப்பது இந்தக் கான்கள்தான்.

அதிகாரி உயரமான கண்ணாடிச் சாடியில் கானிலிருந்த டீசலை ஊற்றி, வெயிலில் வைத்தே அடர்த்திமானியை மிதக்கவிட்டார். லீற்றருக்கு 821 கிராம். பம்புக்கு டீசல் இறக்கிய பவுசர் லொறியோடு வந்த துண்டுச்சீட்டில் 836 என்று இருந்தது.

"பதினைந்து குறையுது. கலப்படம்," என்றார்.

இந்த இடத்தில் நான் மீனை எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். போகவில்லை.

"தம்பி, வெப்பமானி வைச்சுப் பாத்தனீரோ?"

"அதென்னத்துக்கு சேர்?"

டீசலும் மனிதர்களைப் போலத்தான், சூட்டில் விரியும், விரிந்தால் இலேசாகும். அதனால் எந்த வெயிலில் அளந்தாலும் பதினைந்து பாகை நிலைக்குத் திருத்திவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். பாகை ஒன்றுக்கு ஏறத்தாழ 0.7 கிராம் கூட்ட வேண்டும். நான் வற்புறுத்தியதால் வெப்பமானி பெட்டியிலிருந்து வெளியே வந்தது. முப்பத்து நான்கு பாகை. பதின்மூன்றைக் கூட்டினால் 834. துண்டுக்கும் இதற்கும் இரண்டு கிராம் வித்தியாசம். மூன்று வரை பொறுத்துக்கொள்ளலாம்.

"அப்ப மணம்?" என்றார் அதிகாரி.

மணத்துக்கு அட்டவணை இல்லை. அதனால் அவர் அதையே நம்பினார். என் வாயை அடைப்பதற்காக, பம்பின் குழாயிலிருந்து முறைப்படி மாதிரி எடுக்கவும் சம்மதித்தார். சங்கம் கொடுத்த மாதிரித் தகரங்கள் அந்தப் பெண்ணின் அலுமாரியில் பொலித்தீன் பிரிக்காமல் இருந்தன. கழுவினோம், நிரப்பினோம், முத்திரை வைத்தோம். எல்லாம் முடிந்ததும் அதிகாரி, முறைப்படி எடுத்த தகரங்களில் ஒன்றை அவளிடம் விட்டு மற்றவற்றைத் தன் வாகனத்தின் பின்பக்கத்தில் போட்டார். சம்மாட்டியின் கானை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு ஆய்வுகூடத்துக்குப் போனார். போகுமுன், இயங்காதபடி பம்புக்கும் முத்திரை வைத்தார்.

வீட்டில் மீன் கெட்டுப்போயிருந்தது. "மீன் வாங்கப் போனவர் டீசல் மணத்தோட வாறார்," என்று மனைவி சுவரிடம் சொன்னார்.

சில நாட்களில் ஆய்வுகூட முடிவு வந்தது. டீசலை மூடிய குவளையில் மெல்லச் சூடாக்கி அடிக்கடி சிறு சுடர் காட்டுவார்கள். ஆவி எந்தச் சூட்டில் பளிச்சென்று பற்றுகிறது என்று பார்ப்பார்கள். டீசல் அறுபது பாகைக்குக் கீழே பற்றக் கூடாது. கானிலிருந்தது, சூடாக்கத் தொடங்கும்போதே, முப்பத்திரண்டில் பற்றிவிட்டது. 'மண்ணெண்ணெய்க் கலப்படம் உறுதி' என்று எழுதப்பட்டது. சங்கம் அந்தப் பெண்ணைப் பம்பிலிருந்து நிறுத்தி, விசாரணை முடியும்வரை ஐஸ் நிறுக்க வைத்தது. விசாரணை எதிராக முடிந்தால் அந்த வேலையும் இல்லை, வழக்கு வேறு.

"டீசலிலை இருந்து ஐஸுக்கு வந்திட்டன் ஐயா," என்றாள் அவள். "என்ரை சாதகத்திலை இப்பிடியொரு பலனை ஒரு சாத்திரியும் சொல்லேல்லை."

"பயப்பிடாதை பிள்ளை. அந்த முடிவே உனக்குச் சாட்சி."

அவள் என்னை இரக்கத்தோடு பார்த்தாள். ஓய்வூதியர்களை அப்படித்தான் பார்ப்பார்கள்.

நான் சொன்னது உண்மை. மண்ணெண்ணெய் தனியாகவே முப்பத்தெட்டுப் பாகைக்குக் கீழே பற்றாது. டீசலோடு கலந்தால் இரண்டுக்கும் இடையில்தான் எங்காவது பற்றும். தண்ணீர் விட்ட பால் தண்ணீரைவிட நீர்த்துப் போகாது. முப்பத்திரண்டில் பற்றியதென்றால் அது மண்ணெண்ணெயின் வேலை அல்ல. அதைவிட இலேசான ஒன்று, பெற்றோல், உள்ளே இருக்கிறது. ஒரு கானின் அடியில் மிஞ்சிய ஒரு மிடறு போதும். அடர்த்தி அசையாது, பற்றும் நிலை மட்டும் விழுந்துவிடும்.

யாழ்ப்பாண நகரில் அந்த ஆய்வுகூடத்தின் பொறுப்பாளர் ஒருகாலத்தில் எனக்குக் கீழே வேலை செய்தவர். என்னைக் கண்டதும் பழைய பழக்கத்தில் எழுந்து நின்றார். உட்காரவிடாமல் வேலை கொடுத்தேன். கான் மாதிரியில் மிச்சத்தையும், பம்புப் பெண்ணிடமிருந்த தகரத்தையும் காய்ச்சி வடிக்க வேண்டும். மூன்றாவதாக, சம்மாட்டியின் படகுத் தாங்கியிலிருந்தே நான் முறைப்படி எடுத்து வந்த மாதிரி. அதை எடுக்கச் சம்மாட்டி தாராளமாக அனுமதித்தார். "எடுங்கோ மாஸ்ரர், எடுங்கோ! அதிலையும் அவளின்ரை மண்ணெண்ணெய்தான்." நான் ஒரு நாளும் பள்ளிக்கூடத்தில் படிப்பித்ததில்லை. நீளக் காற்சட்டை போட்ட கிழவர் எல்லாரும் அவருக்கு மாஸ்ரர்.

நூறு மில்லிலீற்றரைக் குடுவையில் காய்ச்சினால், இலேசானது முதலில் வடியும், பாரமானது கடைசியில். எவ்வளவு வடிந்தபோது எவ்வளவு சூடு என்று குறித்துக்கொண்டே போக வேண்டும். பம்புத் தகரம் ஒழுங்கான பிள்ளை: முதல் துளி 175 பாகையில், பத்து மில்லிலீற்றர் 212 இல், பாதி 276 இல். கானிலிருந்ததில் முதல் துளி 74 இலேயே விழுந்தது. இரண்டொரு மில்லிலீற்றர் வடிந்ததும் சூடு ஒரே பாய்ச்சலாக ஏறி, பத்தாவதிலிருந்து பம்புத் தகரத்தின் காலடித் தடத்திலேயே நடந்தது. சொட்டுப் பெற்றோல், மிச்சமெல்லாம் நல்ல டீசல்.

படகுத் தாங்கி வேறு கதை சொன்னது. பத்து மில்லிலீற்றர் 195 இலேயே வடிந்துவிட்டது, பாதி 263 இல். பாய்ச்சல் இல்லை, முன்பாதி முழுவதுமே கீழே இறங்கியிருந்தது. பற்றும் நிலை ஐம்பத்தேழு. அடர்த்தி 827. இந்த மூன்று அளவுகளும் ஒரே ஆளைக் காட்டின. ஐந்தில் ஒரு பங்காவது மண்ணெண்ணெய்.

அதிகாரியிடம் தொலைபேசியில் சொன்னேன்.

"827 எண்டால் ஓகேதானே சேர்? டீசலுக்கு 820 இலை இருந்து 860 வரை இருக்கலாம்."

நல்லதைக் கலப்படம் என்றவர், கலப்படத்தை நல்லது என்றார். இரண்டு தடவையும் ஒரே நம்பிக்கையான குரல். வரம்புக்குள் இருப்பதல்ல விசயம், வந்த டீசலிலிருந்து ஒன்பது கிராம் இறங்கியிருப்பதுதான் விசயம் என்று விளக்கினேன். மறுமுனையில் தேத்தண்ணீர் ஆற்றும் சத்தம் கேட்டது.

சம்மாட்டியைத் தேடி, கரையில் அவர் வலை வைக்கும் கொட்டிலான வாடிக்குப் போனேன். பம்புப் பெண்ணும் ஐஸ் தராசை விட்டுவிட்டு வந்தாள்.

"அண்ணை, உங்கடை தாங்கியிலை மண்ணெண்ணெய் இருக்கு. பம்பிலை இல்லை. அப்ப எங்காலை வந்தது?"

"மண்ணெண்ணெயோ? அது நான் விட்டது," என்றார் சம்மாட்டி, மிகச் சாதாரணமாக.



"நீங்களோ?"

"ஓம். எஞ்சின் பிரிச்சுப் பூட்டினாப் பிறகு வயித்தைக் கழுவ வேணுமெல்லோ. பிள்ளையளுக்குப் பேதிக்குக் குடுக்கிறமாதிரி. எங்கடை ஆக்கள் எல்லாரும் விடுறவை. நான் கொஞ்சம் கூட விடுறனான்."

"எவ்வளவு?"

"முதல் கொஞ்சம். பிறகு எஞ்சின் சோர்ந்தது, கூட்டினன். பிறகும் சோர்ந்தது, இன்னும் கூட்டினன்."

"எஞ்சின் சோர்ந்ததே அதாலைதான் அண்ணை. டீசலிலை உள்ள எண்ணெய்ப்பசைதான் உள்ளுக்குப் பம்பைத் தேயாமல் வைச்சிருக்கிறது. மண்ணெண்ணெயிலை அது காணாது."

பம்புப் பெண் வெடித்தாள். "அப்ப நீங்கள் கலந்துபோட்டு, என்னையோ கள்ளி எண்டனீங்கள்?"

"கலப்படம் எண்டது மற்றவன் செய்யிறது பிள்ளை. நான் விட்டது மருந்து." அவர் முகத்தில் பொய்யின் சாயலே இல்லை. அவரது எஞ்சின், அவரது எண்ணெய், அவரது வைத்தியம். அதை மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. ஒருவரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

"அப்ப மாஸ்ரர், கானிலை மணந்தது?"

"அது உங்கடை கான் அண்ணை. அதுக்கு எல்லாம் மணக்கும்."

நேர்மையான மனிதர். அன்றே முறைப்பாட்டைத் திரும்பப் பெறுவதாகக் கையொப்பமிட்டார். அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டார், ஒரு பாரை மீனும் கொடுத்தார். அவள் மீனை வாங்கிக்கொண்டாள். மன்னிப்பை யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள்.

இனி எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர் அலுவலகம் ஒன்றில் வேலை செய்திராதவர். முத்திரை வைக்க அதிகாரிக்கு அதிகாரம் உண்டு, எடுக்க இல்லை. எடுப்பதற்குக் கொழும்பு சொல்ல வேண்டும். நான் மூன்று பரிசோதனை முடிவுகளையும் இணைத்து மேன்முறையீடு எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன். என் கடிதம் எந்தப் பிரிவுக்கு உரியதென்று தீர்மானிக்கப்படுவதாகத் தொலைபேசியில் ஒரு குரல் சொன்னது. அந்தப் பிரிவை ஒழுங்குபடுத்தியவனே நான்தான் என்றேன். அப்படியானால் உங்களுக்கே தெரிந்திருக்குமே என்றது குரல்.

படகுகள் டீசலுக்குத் தொலைவிலுள்ள பம்புகளுக்கு ஓட்டோவில் கான்களோடு போய்வந்தன. சங்கம் அந்தப் பெண்ணின் வேலையை வேறொருவருக்குக் கொடுக்கலாமா என்று கூட்டம் வைத்தது. சம்மாட்டி எழுந்து, "அவளை நிப்பாட்டினால் நான் சங்கத்திலை இருக்கமாட்டன்" என்று கத்தினார். இரண்டு மூன்று மாதத்துக்கு முன் அவளைக் கள்ளி என்று கத்திய அதே குரல்தான். தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது.

கடைசியில் பதில் வந்தது. ஒரு பக்கம்கூட இல்லை. சுத்தமற்ற பாத்திரத்தில் பெறப்பட்ட மாதிரி செல்லாது, ஆகவே முறைப்பாடு தள்ளுபடி, பம்பு இயங்கலாம், பணியாளரை உடன் வேலையில் அமர்த்துக என்றிருந்தது. காய்ச்சி வடித்ததைப் பற்றியோ, பற்றும் நிலையைப் பற்றியோ, மருந்தைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. முத்திரையை அதிகாரி முன்னிலையில் அகற்ற வேண்டுமாம். அதிகாரிக்குத் தொலைபேசி எடுத்தேன். தகப்பனுக்குப் பிதிர்க்கடன் செய்யக் கீரிமலைக்குப் போயிருந்தார். பம்புப் பெண் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தாள்.

"இதிலை எனக்குத் தேவையான வரி 'வேலையில் அமர்த்துக' எண்டதுதான் ஐயா," என்று சொல்லி, ஐஸ் தராசைத் துடைத்து மூலையில் வைத்துவிட்டு, பம்படிக்குப் போய் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, அவர் வரட்டும் என்று காத்திருந்தாள்.

அன்று ஆடி அமாவாசை.