வெள்ளைச் சுவரில் ஊரும் புள்ளிகள்

அப்பாவுக்குக் கண்ணழுத்த நோயில் பார்வை போனபோது நான் தி.நகர் புடவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அவர் பயந்துவிடுவார் என்றுதான் என் கண்ணில் புள்ளிகள் தெரிந்தபோது அவரிடம் சொல்லாமல் இருந்தேன். பழைய டிவியில் சேனல் இல்லாவிட்டால் திரை முழுக்கப் புள்ளி ஊருமே, அந்த மாதிரி. கடைச் சுவரில், வானத்தில், வெள்ளைப் பட்டின் மேல், கண்ணை மூடினாலும். விளக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் அதன் நிழல் நெடுநேரம் நின்றது. புள்ளிகள் மாதக்கணக்கில் போகவே இல்லை.

ஒருநாள் அப்பாவே கேட்டார். "இன்னாம்மா, அடிக்கடி கண்ணைக் கசக்கினு கீறியாமே. உங்கம்மா சொல்லுது."

மயிலாப்பூர் கண் ஆஸ்பத்திரியில் கண்ணழுத்தம் பார்த்தார்கள். மருந்து விட்டு விழித்திரையையும் நரம்பையும் பார்த்தார்கள். வெளிச்சப் புள்ளி தெரிந்தால் பொத்தானை அமுக்கும் சோதனையில், எது மெஷின் புள்ளி, எது என்னுடையது என்று குழம்பினேன். ஆனாலும் எல்லாம் சரியாகவே வந்தது. அடையாறில் நரம்பு டாக்டரிடம் அனுப்பினார்கள்.

மூளை ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. அந்த டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார்.

"ஒரு கண்ணுலயா, ரெண்டுலயுமா?"

"ரெண்டுலயும். பார்க்குற எடமெல்லாம்."

"கூடிக்கிட்டே போகுதா?"

"இல்ல மேடம், அப்படியேதான் கீது."

"அது நல்ல அறிகுறி. டெஸ்டும் சரியா இருக்கு. இதுக்கு விஷுவல் ஸ்நோன்னு பேரு, பார்வையில பனி தூவுற மாதிரி. கண்ணுல நோய் இல்ல, மூளை பார்வையைக் கையாள்றதுல ஏதோ மாற்றம்னு நினைக்கிறோம். முழுசாத் தெரியாது. உங்களுக்கு ஒத்தைத் தலைவலி இருக்குன்னு சொன்னீங்கல்ல, அது இருக்குறவங்களுக்கு இது அதிகமா வருது. இதனால பார்வை போகாது. ஆனா திடீர்னு ஒரு கண்ணுல மட்டும் புதுசா புள்ளி வந்தா, மின்னல் அடிச்சா, திரை இறங்குனாப்ல இருந்தா, பார்வையில ஒரு பக்கம் மறைஞ்சா அன்னிக்கே வந்துடணும்."

"மருந்து?"

"உறுதியாக் கேக்குற மருந்து இன்னும் இல்லம்மா. சில பேருக்கு நிறக் கண்ணாடி கொஞ்சம் உதவுது."

படியிறங்கும்போது அழுதேன். கண் தப்பியது. ஆனால் சுத்தமான வெள்ளையை, சுத்தமான இருட்டை இனி பார்க்கமாட்டேன் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

வீட்டில் அப்பா கதவருகே உட்கார்ந்திருந்தார். "என் நோவு உனக்கு வந்துடுச்சா?"

"இல்லப்பா. இது வேற. கண்ணு போகாதாம்."

"நெஜமா சொல்லு. எனக்குத்தான் உன் மூஞ்சி தெரியாதே."

அவர் கையை எடுத்து என் கன்னத்தில் வைத்தேன். ஈரமாயிருந்தது. "அப்புறம் ஏன் அழுவுற?" என்றார். அவர் முகத்தைப் பார்த்தபடி இருந்தேன். அதன் மேலும் புள்ளிகள் ஓயாமல் ஊர்ந்தன.

அடுத்த மழைக்காலத்தில் அப்பா இறந்துபோனார். புள்ளிகள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. டாக்டரம்மா சொன்ன மாதிரி தங்க நிறக் கண்ணாடி போட்டுக்கொண்டு புடவை விற்கிறேன்.