தராசில் நின்ற அத்தான்

எங்கள் சரக்குக் கிட்டங்கியில் காலை வேலை ஆரம்பிப்பதே அத்தான் தராசில் ஏறி நிற்பதில்தான். அக்காவின் புருஷன் அவர். எடை போடும் வேலை அவருக்கு, எழுதும் வேலை எனக்கு. கொழும்புக்குப் போகும் மிளகாய் வத்தல் மூட்டைகளைத் தோணியில் ஏற்றுமுன் அந்தப் பலகைத் தராசில்தான் நிறுப்போம்.

முத்திரை குத்திய எடைக்கற்கள் முதலாளி அண்ணாச்சியின் வீட்டில் சாக்குச் சுற்றிக் கிடந்தன. கடற்காற்று பட்டால் துருப்பிடிக்கும் என்று எடை சோதிக்கும் இன்ஸ்பெக்டர் வரும் நாள் தவிர வெளியே எடுக்க மாட்டார். அந்தக் கற்களுக்குப் பதிலாகத்தான் அத்தான். கல்யாணத்தன்று இருந்த எடையிலேயே வருஷக்கணக்காக இருந்தவர். அவர் எடைக்கு நேராகத் தராசுக் கோலில் ஆணியால் ஒரு கீறல் போட்டிருந்தோம். நகரும் குண்டைக் கீறலில் நிறுத்தி, அவர் ஏறி நின்றால் கோல் சமமாக மிதக்க வேண்டும்; பலகையில் பாரம் குறைந்தால் கோல் தாழும், கூடினால் எழும்பும். மிதக்காவிட்டால் கோல் நுனியில் தொங்கும் சின்னக் கிண்ணத்தில் ஈயக்குண்டு போட்டோ எடுத்தோ சரிசெய்வோம். அத்தான் எடை மாறுவார் என்று யாருக்குத் தோன்றும்? தராசுதானே பழசு.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்து கப்பல்கள் மறுபடி வரத் தொடங்கிய சமயம். கரையில் ஆழம் இல்லாததால் கப்பல்கள் வெகுதூரத்தில் நின்றன. வெயில் ஏறினால் கானலில் அவை தண்ணீரை விட்டு மேலே எழும்பி நிற்பதுபோல் இருக்கும். கிட்டங்கிக் கூரையின் கண்ணாடி ஓடு வழியாக ஒரு தூண் வெளிச்சம் இறங்கும். அதில் மிளகாய்த் தூசி சிவப்பாக மெல்லச் சுற்றும். அந்த நாட்களில் அத்தான் மத்தியானச் சோற்றைப் பாதியில் மூடிவைத்துவிட்டு, மூட்டையில் சாய்ந்து அந்தத் தூசியையே பார்த்துக்கொண்டிருப்பார். சாயங்காலமானால் கன்னத்தில் லேசாகச் சிவப்பு ஏறும், கண் பளபளக்கும். பெண் குழந்தை பிறந்த சந்தோஷம் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவரைப் பார்க்க எனக்கும் ஏதோ கனவு காண்பதுபோல் சுகமாக இருக்கும்.

அவர் இருமினார்தான். வத்தல் கிட்டங்கியில் இருமாதவன் யார்? அண்ணாச்சி உள்ளே கால் வைத்ததுமே தும்முவார். காலையில் அக்கா அத்தானுடைய பாயைச் சுவரில் உலர்த்துவாள். முதுகு பட்ட இடம் காய்ந்து, ஓரத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். எங்கள் தெருவில் எல்லார் பாயும் வேர்வையில் நனைந்ததுதான். கடலோரப் புழுக்கம் அப்படி. தராசுக் கோலும் வாரத்துக்கு வாரம் தாழ்ந்தது. நான் ஒவ்வொரு ஈயக்குண்டாக எடுத்துத் தகர டப்பாவில் போட்டேன். வெறும் பலகையில் கோல் நுனி தூக்கி நின்றால், மூட்டை சரியாதிருக்கப் பலகைமேல் போட்டிருந்த மரச்சட்டத்தின் பாரம் என்று விட்டுவிட்டோம். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஊரிலேயே ஒரு சமாதானம் கிடைத்தது.

கடைசியில் கொழும்பு வியாபாரி குறை சொல்லித் தந்தி அடித்தார். மூட்டை எல்லாம் எடை குறைவு. அண்ணாச்சி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். எடைக்கற்களை வண்டியில் கொண்டுவரச் சொன்னார். பலகையைத் துடைத்து, கற்களை ஏற்றிப் பார்த்தால் தராசு உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டியது. நான் டப்பாவிலிருந்து குண்டுகளை ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் திரும்பப் போட்டேன். டப்பா காலியானபோது கோல் சமமாக நின்றது.

அண்ணாச்சிக்குக் காரணம் தெரிந்துவிட்டது. அத்தானை ஏறி நிற்கச் சொன்னார். குண்டு கீறலில் இருந்தது. கோல் எழும்பவே இல்லை. அண்ணாச்சியே குண்டைப் பின்னால் தள்ளினார், மறுபடி தள்ளினார். கீறலுக்கும் குண்டுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி விழுந்த பிறகுதான் கோல் மெல்ல எழுந்தது.

“தராசு சரியாத்தான் இருக்கு. நீதாம்ல கொறைஞ்சிருக்க,” என்றார் அண்ணாச்சி.

அத்தான் கீறலையே பார்த்துக்கொண்டு நின்றார். சட்டை அவர்மேல் எவ்வளவு தொளதொளவென்று கிடந்தது என்பது அப்போதுதான் என் கண்ணில் பட்டது. தினமும் கூடவே இருந்தவன் நான். குருடனாக இருந்திருக்கிறேன்.

கொழும்புக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று அண்ணாச்சி வண்டியை எங்களுக்கே விட்டார். சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டர் நிதானமான மனிதர். பசி எப்படி, சாயங்காலம் காய்ச்சல் உண்டா, சளியில் ரத்தம் வந்ததா என்று கேட்டார். அத்தான் எல்லாவற்றுக்கும் ஒன்றுமில்லை, வத்தல் தூசி, புழுக்கம் என்றே சொன்னார். குழந்தையை இடுப்பில் வைத்திருந்த அக்காதான் குறுக்கே பேசினாள்.

“புழுக்கம் இல்ல டாக்டர். மார்கழியில நாங்க எல்லாம் போர்த்திக்கிட்டுப் படுத்தோம். அப்பவும் அவிய பாயைப் பிழிஞ்சா தண்ணி வரும்.”

சாயங்காலம் கன்னம் சிவந்து கண் பளபளப்பதை நானும் சொன்னேன். டாக்டர் எழுந்து வந்து அத்தானின் கழுத்தையும் அக்குளையும் தடவிப் பார்த்தார், வயிற்றை அழுத்தினார், முதுகில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். வேண்டுமென்று சாப்பாட்டைக் குறைக்காதவன் மாசக்கணக்கில் மெலிவதும், பாய் நனையும்படி ராத்திரி வேர்ப்பதும் சேர்ந்து வந்தால் சும்மா விடக்கூடாது என்றார். நெறிக்கட்டிகளில் வரும் நோயாக இருக்கலாம், ரத்தத்தில் கோளாறாக இருக்கலாம், சர்க்கரையும் ஆளை உருக்கும். ஆனால் இருமலும் சாயங்காலக் காய்ச்சலும் கூட இருப்பதால் முதலில் நெஞ்சைத்தான் சந்தேகிக்க வேண்டும், பார்த்தால்தான் தெரியும் என்றார்.

காலையில் எழுந்ததும் வரும் சளியை ஒரு நாளைக்கு ஒன்றாகச் சில நாள் கொண்டுபோய்க் கொடுத்தோம். சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்ததில் கிருமி சிவப்புச் சிவப்பாகத் தெரிந்ததாம். எக்ஸ்ரே படத்தில் வலது நுரையீரலின் மேல்பக்கம் மேகம்போல் ஒரு நிழல். க்ஷயரோகம். அந்த வார்த்தையை எங்கள் தெருவில் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அக்கா அன்றைக்கு அழவில்லை. டாக்டர் சொன்னபடி அத்தானுக்குத் தட்டு தனி, துப்ப மூடிபோட்ட பாத்திரம் தனி என்று எடுத்துவைத்தாள். குழந்தையையும் எங்களையும் டாக்டர் சோதித்தார். குழந்தைக்கு ஒன்றுமில்லை என்றதும்தான் அத்தான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதார்.

மலையடிவாரத்து சானடோரியத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தார். படுத்தே கிடக்க வேண்டும். பால், முட்டை, திறந்த ஜன்னல் காற்று. நுரையீரலுக்கு ஓய்வு கொடுக்க விலாவில் ஊசி குத்திக் காற்றை ஏற்றினார்கள். பார்க்கப் போனால் தூரத்திலிருந்தே குழந்தையைத் தூக்கிக் காட்டச் சொல்வார். பக்கத்துக் கட்டில்காரர்கள் சிலர் திரும்பி வரவில்லை. அத்தான் பிழைப்பாரா என்று டாக்டரிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. கிட்டங்கிக்கு எடைக்கற்கள் நிரந்தரமாக வந்துவிட்டன. கோலில் அந்தக் கீறல் மட்டும் கிடந்தது, அதைத் தாண்டிக் குண்டை நகர்த்தும்போதெல்லாம் விரல் கூசும்.

சளியில் கிருமி இல்லை என்று ஆனபிறகு அனுப்பிவைத்தார்கள். ஒரு காலையில், வேலைக்கு இல்லை, சும்மா பார்க்க, அத்தான் கிட்டங்கி வாசலில் வந்து நின்றார். தூசி ஆகாது என்று உள்ளே வர விடாமல் தராசை வெளியே இழுத்துப் போட்டோம். அவரோ ஏறவில்லை. முதலில் கல்லை வை என்றார். வைத்தேன். கோல் சமமாக நின்றதைக் குனிந்து பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி ஏறினார்.

குண்டைக் கீறலில் வைத்தேன். கோல் எழும்பவில்லை. கொஞ்சம் பின்னால் தள்ளினேன்; கீறலுக்கு ஒரு விரல் அகலம் இப்பால் கோல் மிதந்தது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. கை தானாகக் கிண்ணத்துப் பக்கம் போனது.

“ரெண்டு குண்டை எடுத்துரட்டுமா அத்தான்?”

“தொடாத மாப்ளே,” என்றார். “தராசு சரியா இருக்கு. நாந்தான் இன்னும் வரணும்.”